31 நொடியா, 0.44 மில்லி நொடியா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். டியூஷனில் ஒரு கணக்கு: 25 நாளுக்கு ஒருமுறை சுழலும் சூரியன், 10 கி.மீ. ஆரமுள்ள நியூட்ரான் விண்மீனாகச் சுருங்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? சூரியனின் ஆரம் 7 லட்சம் கி.மீ., அதைப் பத்தால் வகுத்தால் 70,000, அதால் 25 நாளை வகுத்து 31 நொடி என்றாள். விடையில் 0.44 மில்லி நொடி என்று இருக்கிறது. எங்கே தப்பு?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரி,

மகள் வகுத்தது சரி, ஆனால் ஒருமுறைதான் வகுத்திருக்கிறாள். அந்த 31 நொடியை இன்னொரு முறை 70,000ஆல் வகுத்துப் பாருங்கள், 0.44 மில்லி நொடி வந்துவிடும்.

ஏன் இரண்டு முறை? அவள் விடையையே வைத்துப் பார்ப்போம். சூரியனின் நடுக்கோட்டில் இருக்கும் ஒரு புள்ளி இப்போது நொடிக்கு 2 கி.மீ. ஓடுகிறது. 10 கி.மீ. ஆரமுள்ள பந்தின் சுற்றளவு 63 கி.மீ., அதை 31 நொடியில் சுற்றினால் வேகம் மறுபடியும் அதே 2 கி.மீ.தான். அதாவது அவள் கணக்கில் பாதை சுருங்கியிருக்கிறது, எதுவும் வேகம் பிடிக்கவில்லை. கோண உந்தம் என்பது நிறை, வேகம், மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கி வருவது, வெளியிலிருந்து யாரும் திருப்பாதவரை அது மாறாது. தூரம் 70,000 மடங்கு குறைந்தால் அதை ஈடுகட்ட வேகம் 70,000 மடங்கு ஏறியாக வேண்டும். பாதை குறைந்ததற்கு ஒரு 70,000, வேகம் ஏறியதற்கு இன்னொன்று. சின்ன வயதில் மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போனால் கையால் தள்ளிவிடும் ராட்டினம் இருக்கும். விளிம்பில் உட்கார்ந்திருந்த நாங்கள் நாலு பேரும் நடுக்கம்பை நோக்கி நகர்ந்தால் யாரும் தள்ளாமலே எகிறும், அப்புறம் ராட்டினக்காரர் கத்துவார்.

சரி, விடைத்தாளோடு எனக்கும் ஒரு சண்டை இருக்கிறது. 0.44 மில்லி நொடி என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 1,40,000 கி.மீ., ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட பாதி. ஆனால் சூரியனின் நிறை 10 கி.மீ.க்குள் இருந்தால், அதன் பரப்பை ஒட்டி ஒரு பொருள் வட்டமடிக்கத் தேவையான வேகம் (நியூட்டன் கணக்கில்) சுமார் 1,15,000 கி.மீ.தான். அதைவிட வேகமாகச் சுழன்றால் ஈர்ப்பு பிடித்து வைக்காது, நடுக்கோட்டுப் பொருள் கழன்று பறக்கும். இப்படி ஒரு விண்மீன் நிற்கவே முடியாது! சுழலும்போது துடிப்புத் துடிப்பாகச் சமிக்ஞை தரும் நியூட்ரான் விண்மீனைப் பல்சார் என்பார்கள், இதுவரை கண்டதில் மிக வேகமாகச் சுழலும் பல்சாரே நொடிக்கு 716 சுற்றுதான், ஒரு சுற்றுக்கு 1.4 மில்லி நொடி.

கோளாறு எங்கே என்றால், புத்தகம் சூரியனையும் நியூட்ரான் விண்மீனையும் ஒரே சீரான பந்தாக எடுத்துக்கொண்டு, சீரான பந்தின் நிலைமத் திருப்புத்திறனில் வரும் 2/5ஐ, அதாவது 0.4ஐ, இரண்டு பக்கமும் அடித்துவிடுகிறது. சூரியன் அப்படி இல்லை, நிறையில் பெரும்பகுதி நடுவில்தான் குவிந்திருக்கிறது. அதனால் அதன் நிலைமத் திருப்புத்திறனில் 0.4க்குப் பதில் சுமார் 0.07 வரும். நியூட்ரான் விண்மீன் ஓரளவு சீரானது, 0.4ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரணியை k, ஒரு சுற்றுக்கான நேரத்தை P, ஆரத்தை R என்று வைத்து, சுருங்குவதற்கு முன் 1, பின் 2 என்று குறித்தால்

P₂ = P₁ × (k₂/k₁) × (R₂/R₁)²

0.4ஐ 0.07ஆல் வகுத்தால் சுமார் 5.7. விடை 2.5 மில்லி நொடிக்கு வந்துவிடுகிறது, விண்மீனும் சிதறாமல் நிற்கிறது. தேர்வில் மகள் 0.44 என்றே எழுதட்டும், மார்க் அதற்குத்தான்.

உண்மையில் சூரியன் நியூட்ரான் விண்மீன் ஆகப்போவதில்லை, அதற்கு நிறை போதாது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை வேண்டும், அப்போதும் சுருங்குவது முழு விண்மீன் அல்ல, நடுவில் இருக்கும் இரும்புக் கருதான், மேலே உள்ளதெல்லாம் வெளியே வீசப்படும். அதனால் இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். 1054இல் சீனர்கள் பார்த்துக் குறித்து வைத்த வெடிப்பின் மிச்சம் நண்டு நெபுலா. அதன் நடுவில் இருக்கும் பல்சார் இப்போது 33 மில்லி நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்துகொண்டும் இருக்கிறது. பிறந்தபோது 20 மில்லி நொடி என்று வைப்போம். 1,500 கி.மீ. கரு 10 கி.மீ.க்குச் சுருங்கியது என்றால் ஆரம் 150 மடங்கு குறைந்தது, அதன் வர்க்கம் 22,500. 20 மில்லி நொடியை அதால் பெருக்கினால் 450 நொடி, ஏழரை நிமிடம். இதில் k மாற்றத்தைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் சில நிமிடம் குறையும். எப்படிப் பார்த்தாலும், வெடிப்பதற்குச் சற்று முன்பு அந்தக் கரு ஒருமுறை சுற்றி வர ஒரு டீ குடிக்கிற நேரம்தான் எடுத்திருக்கும்.