போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா?

கேள்வி: "பையன் பள்ளிக்கு வாங்கிய போஸ்டர் கலர் மீதி இருந்தது. அதில் ஒரு கேன்வாஸில் மாலை நேரத்து ஏரி வரைந்தேன், நன்றாகவே வந்தது. தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தால் வானம் துணியோடு வந்துவிட்டது. அடுத்து கேன்வாஸிலும் எம்.டி.எஃப் பலகையிலும் வரைய ஆசை. ஹால் சுவரில் பெரிதாக ஒரு மரமும் வரையணும். அக்ரிலிக் வாங்கலாமா, ஆயில் வாங்கலாமா? ஆயில்தான் அசல் ஓவியம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்." – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அக்ரிலிக் வாங்குங்கள் அம்மா. நீங்கள் சொன்ன மூன்று இடத்துக்கும் அது ஒன்றே போதும். ஏன் என்பது புரிந்துவிட்டால், நாளை மண்பானையிலோ மரக்கதவிலோ வரைய நினைக்கும்போதும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மூன்று வகையிலும் நிறம் தருவது நிறப்பொடிதான். அந்தப் பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் பசைதான் வேறு வேறு. போஸ்டர் கலரில் இருப்பது தண்ணீரில் கரையும் பிசின். தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும், மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். உங்கள் வானம் துணியோடு வந்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் வரைந்ததில் குறை இல்லை. அந்தப் பிசினுக்கு வளைந்து கொடுக்கும் தன்மையும் குறைவு. கேன்வாஸ் துணியோ தொட்டால் அசையும், விரல் பட்டால் குழியும். தடிமனாகப் பூசிய போஸ்டர் கலர் அதன்மேல் விரிசல் விட்டு, நாளடைவில் செதில் செதிலாக உதிரும். தாளிலும் அட்டையிலும் வரைந்து கண்ணாடி போட்டு மாட்டினால் அதே கலர் பல வருஷம் நிற்கும். அதற்கான இடம் அது.

அக்ரிலிக்கில் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் ஆவியாகும்போது அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரில் கரையாது, துணியோடு சேர்ந்து வளையவும் செய்யும். ஆயிலில் பசை ஆளிவிதை எண்ணெய். அது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால்தான் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேல் கூட ஆகும்.

முதலில் பழைய ஏரிப் படத்தைப் பற்றி. மிச்சம் இருக்கும் கலரின் மேலேயே அக்ரிலிக் பூசிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அடியில் இருக்கும் போஸ்டர் கலர் ஈரத்தில் இளகிப் புது நிறத்தோடு கலங்கும். காய்ந்த பிறகும் மேல்படலம் பலமில்லாத அடித்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஈர ஸ்பாஞ்சால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிடுங்கள். லேசான கறை தங்கினால் பரவாயில்லை. நன்றாகக் காய்ந்ததும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு ஒரு கோட் அடித்தால் கேன்வாஸ் மறுபடி தயார். கடையில் சட்டத்தில் அடித்து விற்கும் வெள்ளை கேன்வாஸ்களில் பெரும்பாலும் ஏற்கெனவே ஜெஸ்ஸோ பூசியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது வெறும் துணி.

எம்.டி.எஃப் பலகைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அது தண்ணீரைக் குடித்து உப்பும், முதலில் உப்புவது வெட்டிய விளிம்புகள்தான். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துவிடவும் கூடும். அதனால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்பு எல்லாவற்றிலும் ஜெஸ்ஸோ பூசுங்கள். வரையும் பக்கத்தில் இரண்டு மூன்று கோட், ஒவ்வொரு கோட்டும் காய்ந்ததும் 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. பொடியைத் துடைத்துவிட்டு அடுத்த கோட்.

போஸ்டர் கலரில் பழகிய கைக்கு அக்ரிலிக்கில் முதலில் தகராறு செய்வது வானம்தான். கீழே ஆரஞ்சு, மேலே போகப்போக ஊதா என்று கலக்க நினைப்பீர்கள். ஊதாவைக் குழைத்து முடிப்பதற்குள் ஆரஞ்சு காய்ந்திருக்கும். போஸ்டர் கலரில் ஈரத் தூரிகையால் எல்லைக்கோட்டை இளக்கிச் சரிசெய்தீர்கள், இங்கே அது நடக்காது. 12க்கு 16 அங்குல கேன்வாஸ் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆரஞ்சு, ஊதா, நடுவில் வரப்போகும் ரோஜா நிறம் மூன்றையும் தேவைக்கு மேலாகவே முன்கூட்டிக் குழைத்து வையுங்கள். ஒரு தட்டில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வைத்தால் கலர் பல மணி நேரம் இளக்கமாகவே இருக்கும். வானம் வரும் இடத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் மெல்லிய நீர்த்தூவல் ஒன்று. பிறகு அகலத் தூரிகையால் மூன்று பட்டைகளையும் அடுத்தடுத்துப் பூசி, சுத்தமான ஈரத் தூரிகையால் எல்லைகளைக் குறுக்காக இழுங்கள். தூரிகை இழுபட ஆரம்பித்தால், கலர் ரப்பர் மாதிரி சுருண்டால், உடனே நிறுத்திவிட வேண்டும். அது அரைகுறையாகக் காய்ந்த நிலை. அதற்கு மேல் தேய்த்தால் அடிக்கலர் பிய்ந்து வரும். முழுக்கக் காயவிட்டு, நீர்த்த கலரை மெல்லிய அடுக்காக மேலே போட்டு எல்லையை மறையுங்கள். இந்த அடுக்கு முறை கைவந்துவிட்டால் சீக்கிரம் காய்வதே உங்களுக்கு வசதியாகிவிடும், ஏனென்றால் அடிநிறம் இனி கலங்காது.

இன்னொன்று: போஸ்டர் கலர் காய்ந்ததும் வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும். ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் வருவது இது. ஆகவே குழைத்த கலரைத் துண்டு அட்டையில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி சுவர். என்ன பெயின்ட் என்பதைவிட, சுவரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். லியோனார்டோ டாவின்சி 1490களில் மிலான் நகர மடத்துச் சுவரில் 'கடைசி இராப்போஜனம்' வரைந்தபோது, ஈரச் சுண்ணாம்பின் மேல் வரையும் வழக்கமான முறையை விட்டுவிட்டு உலர்ந்த பூச்சின் மேல் வரைந்தார். சில பத்தாண்டுகளிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. சுவரும் கலரும் பொருந்தாவிட்டால் எவ்வளவு பெரிய கை வரைந்தாலும் நிற்காது.

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதன்மேல் அக்ரிலிக் போட்டால் பொடியோடு சேர்ந்து படலமாக உரியும். உதிர்வதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துடைத்து, வாட்டர் பேஸ் வால் பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே வரைய வேண்டும். பொடி வராமல் மங்கலாக இருந்தால் அது எமல்ஷன். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டால் போதும். பளபளவென்று எனாமல் அடித்த சுவராக இருந்தால் கலர் முத்து முத்தாக ஒதுங்கும். பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உப்பு பூத்திருந்தால், அல்லது அடிப்பக்கம் ஈரம் ஏறியிருந்தால், தயவுசெய்து அந்த இடத்தில் வரையாதீர்கள். சந்தேகமென்றால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒருநாள் ஒட்டிவையுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் நீர் இருக்கிறது. எந்த நல்ல கலரும் அங்கே கொப்புளம் விடும்.

4 அடி அகலம், 5 அடி உயரம் மரம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முழுக்கச் சின்ன டியூப்களை நம்பினால் செலவு தாங்காது. பின்னணி நிறத்துக்கு இன்டீரியர் எமல்ஷன் வாங்குங்கள். அதுவும் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பசைதான், அக்ரிலிக் டியூபுக்கு உறவு. ஒரு லிட்டர் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு ஒரு கோட் வரும்; உங்கள் 20 சதுர அடிக்கு இரண்டு கோட் என்றாலும் அரை லிட்டருக்குள் முடிந்துவிடும். தண்டின் பழுப்பையும் அதே எமல்ஷனில் நிறம் கூட்டும் ஸ்டெய்னர் சில சொட்டு விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். இலை, பூ, பறவை ஆகியவற்றுக்கு மட்டும் டியூப் கலர். அதில் தண்ணீரைக் கொட்டிப் பெருக்காதீர்கள். பாதிக்கு மேல் தண்ணீர் போனால் பசை பலமிழந்து, காய்ந்த பிறகு பொடியாக உதிரக்கூடும்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற, தாளில் 4க்கு 5 அங்குலத்தில் வரைந்து ஓர் அங்குலக் கட்டங்கள் போடுங்கள். சுவரில் அதே கட்டங்களை ஓர் அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸால் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரையுங்கள். ஸ்கெட்ச் பேனாவும் மார்க்கரும் கூடாது, அந்த மை எத்தனை கோட் அடித்தாலும் ஊறி மேலே வந்துவிடும். வரைந்து முடித்த பின் இரண்டு வாரமாவது துடைக்காமல் விடுங்கள், படலம் முழுசாக இறுகட்டும்.

ஆயில்தான் அசல் ஓவியம் என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனித முகத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் நாள்முழுக்க நிதானமாகக் கலக்க ஆயிலுக்கு இணை இல்லை. ஆனால் சுவருக்கு அது ஆகாது. சிமென்ட், சுண்ணாம்புப் பூச்சில் உள்ள காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும்; புதுச் சுவரில் இது சீக்கிரமே நடக்கும். வெறும் துணியிலும் ஆகாது, எண்ணெய் ஊறி நூலை மக்கவைக்கும். ஜெஸ்ஸோ பூசிய கேன்வாஸும் பலகையும்தான் அதற்கு இடம். ஹார்டுவேர் கடையில் 'ஆயில் பெயின்ட்' என்று கேட்டால் கதவுக்கு அடிக்கும் எனாமலைத் தருவார்கள், அது வேறு. ஓவியப் பொருள் கடையில் டியூபாகக் கிடைக்கும் ஆயில் கலரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்க ஆசை வந்தால் வரிசை முக்கியம். அடியில் அக்ரிலிக்கை மெல்லியதாகப் போட்டு, நன்கு காய்ந்ததும் மேலே ஆயில் போடலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது, பிடிக்காமல் உரிந்து வரும். ஆயிலுக்குத் தூரிகைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது வெப்பம் உண்டாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

அக்ரிலிக் தூரிகைக்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் காயவிட்டால் அதோடு தூரிகை போச்சு. கையில் இல்லாத நேரமெல்லாம் அது தண்ணீரில் கிடக்கட்டும். அன்றைய வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு மயிரின் அடிவரை கழுவி, படுக்கவைத்துக் காயவிடுங்கள்.