ஸ்டீம் வால்வு முட்டி நிற்கும்போது எம்.பி.சி. என்ன செய்யும்?

"ஜூரோங் தீவில் பேனல் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் டிஸ்டிலேஷன் டவரில் மேல் வெப்பநிலையைப் பிடித்தால் கீழே போய்விடுகிறது, கீழே பிடித்தால் மேலே. எம்.பி.சி. போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். ஸ்டீம் வால்வே முழுக்கத் திறந்துவிட்டால் அது மட்டும் என்ன செய்துவிடும் சார்?"

உங்களிடம் இருக்கும் இரண்டு பி.ஐ.டி. கன்ட்ரோலரும் ஆளுக்கொரு வெப்பநிலையை மட்டும் பார்க்கின்றன, ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது, அதனால்தான் இந்த இழுபறி. எம்.பி.சி. என்பது டவரின் மாடலை வைத்து முன்கூட்டியே கணித்து வால்வுகளை நகர்த்தும் கன்ட்ரோலர், அது இரண்டையும் ஒரே கணக்கில் போடுகிறது. ஒரு டன் ஸ்டீம் கூட்டினால் மேலே 2 டிகிரி, கீழே 3 டிகிரி ஏறுகிறது, மேலே குளிரவைத்துத் திரும்ப டவருக்குள் விடும் திரவமான ரிஃப்ளக்ஸை ஒரு டன் கூட்டினால் மேலே 2, கீழே 1 இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே அசையாமல் கீழே மட்டும் 2 டிகிரி ஏற வேண்டுமா? ஸ்டீம் 1 டன், ரிஃப்ளக்ஸ் 1 டன், சேர்த்துக் கூட்ட வேண்டும்.

ஆனால் ஸ்டீமில் அரை டன்தான் மிச்சம் இருக்கிறது. முதலில் விடையைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஸ்டீமை மட்டும் அரை டன்னில் வெட்டினால், மேலே 1 டிகிரி இறங்கிவிடும், கீழே அரை டிகிரிதான் ஏறும். இரண்டும் கெட்டது. எம்.பி.சி. அந்த அரை டன்னைக் கணக்குக்குள்ளேயே வைத்துத் தேடுவதால், மேல் அசையாமல் இருப்பதற்கே மிக அதிக எடை கொடுத்திருந்தால், ரிஃப்ளக்ஸையும் அரை டன்னோடு நிறுத்தும்: மேலே அசையாது, கீழே 1 டிகிரி கிடைக்கும். கீழ்தான் முக்கியம் என்று எடை கொடுத்திருந்தால் விடை வேறு மாதிரி வரும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் திட்டம் போடும், அதில் முதல் அடியை மட்டும் வைக்கும், அடுத்த நிமிடம் புது அளவுகளைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து.

ஒரு விதிவிலக்கு உண்டு. வால்வின் எல்லை இரும்பு எல்லை, அதைத் தாண்ட முடியாது. வெப்பநிலையின் எல்லை அப்படி இல்லை. மதியம் மழை கொட்டி, காற்றால் குளிரும் கண்டென்சர் சட்டென்று சில்லிட்டுப் போனால் வெப்பநிலை எல்லைக்கு வெளியே போய்விடும், எந்த வால்வைத் திருப்பினாலும் அடுத்த நிமிடமே உள்ளே வராது. அதையும் இரும்பு எல்லையாக எழுதியிருந்தால் கணக்குக்கு விடையே கிடையாது, கன்ட்ரோலர் தேவைப்படுகிற நேரத்தில் கழன்றுகொள்ளும். அதனால் தாண்டலாம், தாண்டினால் அபராதம் என்று எழுத வேண்டும். உங்கள் ஆளிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், முழித்தால் அவர் விற்பனைக்காரர்தான்.

என் பெரிய கவலை வேறு. மேலே சொன்ன 2, 3, 1 எல்லாம் உங்கள் டவரிலேயே வால்வை ஒவ்வொன்றாக அசைத்து, டவர் அடங்கும் வரை பொறுத்து எடுக்க வேண்டிய எண்கள், அவைதான் மாடல். குறைந்த விலைக்கு டெண்டரை எடுத்தவர் அதை இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார், மேலதிகாரிகளுக்கும் தேதிதான் முக்கியம். நான் பார்த்த ஒரு பிளான்ட்டில், மாடல் சரியில்லை என்று ஆபரேட்டர்கள் பயந்து ஸ்டீம் எல்லையை மேலும் கீழும் நெருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அசைய இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள். மாத ரிப்போர்ட்டில் மட்டும் கன்ட்ரோலர் எப்போதும் ஆன்! நீங்கள் அந்த ஆன் விழுக்காட்டைப் பார்க்காதீர்கள். ஸ்டீமும் ரிஃப்ளக்ஸும் ஆபரேட்டர் போட்ட எல்லையில் எத்தனை மணி நேரம் ஒட்டிக்கொண்டு நின்றன என்று டிரெண்டில் பாருங்கள்.