சரிபார்த்தும் தப்பிய தவறு

வணக்கம் சார். நான் தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எறிபொருள் கணக்கு ஒன்றில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். 15 மீட்டர் உயர மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து, கிடைமட்டத்துக்கு மேல் 30 டிகிரி கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிகிறார்கள். g = 10. எவ்வளவு நேரம் பறக்கும், கட்டடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும் என்பது கேள்வி. எனக்கு 4.18 வினாடி, 41.8 மீட்டர் வருகிறது. கையேட்டில் 3 வினாடி, 52 மீட்டர் என்று போட்டிருக்கிறது. தரையில் மோதும் வேகத்தை ஆற்றல் வழியிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வழியிலும் 26.5 தான். தரையிலிருந்தே எறியும் கணக்குகளில் எனக்கு நெடுக்கம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கையேட்டில் அச்சுப்பிழையா? நான் போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கையேட்டில் பிழை இல்லை. உன் தாளிலும் முதல் இரண்டு வரிகளைத் தவிர வேறெங்கும் பிழை இல்லை. அந்த இரண்டு வரிகள் இவை:

ux = 20 sin 30° = 10
uy = 20 cos 30° = 17.32

கூறுகள் இடம் மாறிவிட்டன. கிடைமட்டத்துக்குப் போக வேண்டியது 17.32, செங்குத்துக்குப் போக வேண்டியது 10. அதற்குப் பிறகு நீ செய்தது எல்லாம் சுத்தம். மாடியைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, மேல்நோக்கியதை நேர்குறியாக எடுத்து, தரையை −15 என்று போட்டிருக்கிறாய். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவார்கள். +15 என்று போட்டுவிட்டு, வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்து நிற்கும்போது விழிப்பார்கள். மாடிக்கு மேலே 5 மீட்டர்தான் ஏறப்போகிற பந்தை, மாடிக்கு மேலே 15 மீட்டரில் எப்போது இருப்பாய் என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? நீ அந்தப் பள்ளத்தில் விழவில்லை. இருபடிச் சமன்பாட்டையும் ஒழுங்காகத் தீர்த்திருக்கிறாய்.

சரியான கூறுகளைப் போட்டால் −15 = 10t − 5t². ஐந்தால் வகுத்தால் t² − 2t − 3 = 0. விடை 3 அல்லது −1. மூன்று வினாடியில் கிடைமட்டமாக 17.32 × 3, அதாவது 51.96 மீட்டர். அதைத்தான் கையேடு 52 என்று முழுமையாக்கியிருக்கிறது.

இது ஐந்து நிமிட வேலை. எனக்கு உன் கடிதத்தில் பிடித்தது வேறொன்று. நீ சரிபார்த்திருக்கிறாய், அந்தச் சரிபார்ப்பு உனக்குத் துணை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நீ போட்ட ஆற்றல் வழி v² = u² + 2gh. 400 + 300 = 700, வர்க்கமூலம் 26.46. இந்தச் சமன்பாட்டில் கோணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். இல்லவே இல்லை. அந்த மாடியிலிருந்து அதே வேகத்தில் பந்தை மேலே எறி, கீழே எறி, நேர் எதிரே எறி, தரையில் மோதும்போது வேகம் 26.46 தான். உன் தாளில் கடைசிச் செங்குத்து வேகம் −24.5. அதன் வர்க்கம் 600, கிடைமட்டத்தின் வர்க்கம் 100, கூட்டினால் 700. சரியான கணக்கில் கடைசிச் செங்குத்து வேகம் 10 − 30 = −20. வர்க்கம் 400, கிடைமட்டத்தின் வர்க்கம் 300, அதுவும் 700. கோணத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத சாட்சியிடம் போய்க் கோணத்தில் தப்பு நடந்ததா என்று விசாரித்திருக்கிறாய்.

தரைக் கணக்குகளில் தப்பாமல் வந்ததற்கும் இதுபோல ஒரு காரணம் இருக்கிறது. எறிந்த மட்டத்திலேயே விழும் பந்துக்கு நெடுக்கம் 2 × ux × uy ÷ g. பெருக்கலில் எதை முன்னே போட்டால் என்ன? கூறுகளை மாற்றிப் போட்டாலும் 34.64 மீட்டர்தான் வரும். 30 டிகிரியில் எறிந்தாலும் 60 டிகிரியில் எறிந்தாலும் ஒரே தூரம் என்பது 1638இல் கலீலியோ அச்சிலேற்றிய விஷயம். 45 டிகிரிக்கு எவ்வளவு கூடினாலும் அதே அளவு குறைந்தாலும் நெடுக்கம் சமம். நீ 30 டிகிரிப் பந்து என்று நினைத்துக்கொண்டு 60 டிகிரிப் பந்தைத்தான் எறிந்துகொண்டிருந்தாய், அது அதே இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. பறக்கும் நேரம் மட்டும் காட்டிக்கொடுத்திருக்கும். சரியானது 2 வினாடி, மாற்றிப் போட்டால் 3.46. ஆனால் நேரம் கேட்ட கணக்குகளில் 2u sin θ ÷ g என்ற வாய்பாட்டை நீ நேரடியாகப் போட்டிருப்பாய், கூறுகளே எழுதியிருக்க மாட்டாய் என்று ஊகிக்கிறேன். மாடி வந்ததும் அந்தச் சமச்சீர் உடைந்தது, தவறு வெளியே வந்தது.

பறக்கும் நேரத்தை இரண்டாக வெட்டிச் சரிபார்க்கும் வழியும் ஒன்று உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த வழி, இருபடிச் சமன்பாடே வேண்டாம். செங்குத்து வேகம் 10, வினாடிக்கு 10 குறைகிறது, ஆக உச்சிக்குப் போக 1 வினாடி. அதற்குள் ஏறியது 5 மீட்டர். தரையிலிருந்து உச்சி 20 மீட்டர். அங்கிருந்து விழ 20 = 5t², 2 வினாடி. மொத்தம் 3. குறிக் குழப்பத்தையும் இருபடியில் செய்த பிசகையும் இது உடனே பிடித்துவிடும். ஆனால் உன் தவறை இதுவும் பிடிக்காது. 17.32இலிருந்து தொடங்கினால் ஏற 1.73, 30 மீட்டரிலிருந்து இறங்க 2.45, கூட்டினால் உன் 4.18 அப்படியே வந்து நிற்கும். தொடக்கமே உன் தாளிலிருந்து எடுத்ததுதானே.

அப்படியானால் எதைப் போட்டிருக்க வேண்டும்? கோணத்தைக் கேள்வித்தாளிலிருந்து மறுபடி புதிதாக எடுக்கும் ஒரு சோதனை வேண்டும். நான் செய்வது இது.

ஈர்ப்பே இல்லை என்று வைத்துக்கொள். பந்து 30 டிகிரிக் கோட்டிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். கிடைமட்டமாக 52 மீட்டர் தள்ளிப் போகும்போது அது மாடிக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 52 × tan 30°, அதாவது 52 × 0.577 = 30 மீட்டர். ஆனால் ஈர்ப்பு இருக்கிறது. மூன்று வினாடியில் அது பந்தை அந்தக் கோட்டிலிருந்து 5 × 9 = 45 மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. 30 − 45 = −15. மாடிக்குக் கீழே 15 மீட்டர், அதாவது தரை. பொருந்துகிறது.

இப்போது உன் விடையை அதே தராசில் வை. 41.8 × 0.577 = 24.1. 4.18 வினாடியில் ஈர்ப்பு இழுப்பது 5 × 17.47, ஏறக்குறைய 87.4. கழித்தால் −63.3. மாடிக்குக் கீழே 63 மீட்டர்! கட்டடமே 15 மீட்டர்தான் அம்மா. உன் பந்து மண்ணுக்குள் 48 மீட்டர் ஆழத்தில், போர்வெல் குழாயில் கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த tan 30° மதிப்பைக் கேள்வியில் உள்ள கோணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். சோம்பல்பட்டு உன் தாளில் உள்ள uy ÷ ux என்று போட்டால் 1.732 வரும். 41.8 × 1.732 = 72.4, அதிலிருந்து 87.4 போனால் மறுபடியும் −15. சோதனை செத்துவிடும்.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. இதில் எறிவேகம் நேரடியாக வருவதில்லை. 20ஐ 25 என்று தவறாகப் பார்த்து எழுதிக் கணக்கு முழுவதையும் போட்டிருந்தால் 3.39 வினாடி, 73.3 மீட்டர் என்று வரும். கோட்டுச் சோதனையில் அது தாராளமாகத் தேறிவிடும். அந்தத் தவறைப் பிடிப்பது நீ போட்ட ஆற்றல் வழிதான். கேள்வியில் இருக்கும் 20இலிருந்து 700 வரும், உன் கூறுகளிலிருந்து 925 வரும். ஆகவே அதை விட்டுவிடாதே. வேகத்துக்கு அது, கோணத்துக்கு இது, இரண்டையும் போடு. சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கூறுகள் ஏன் மாறின என்றும் உன் தாளே சொல்கிறது. ஓரத்தில் ஒரு சாய்தளம் கிறுக்கி, mg sin θ என்று எழுதி வைத்திருக்கிறாய். சாய்தளத்தில் சரிவோடு ஓடும் கூறுக்கு sin வருவதைப் பார்த்துவிட்டு, ‘ஓடுவதற்கு sin’ என்று மனதில் பதித்துக்கொண்டாய் போலிருக்கிறது. அங்கே நாம் பிரிப்பது எடையை. எடை, சரிவுக்குச் செங்குத்தான கோட்டோடுதான் θ கோணத்தில் நிற்கிறது, அதனால் அந்தக் கோட்டுக்கு cos, சரிவுக்கு sin. இங்கே பிரிப்பது எறிவேகத்தை. அது கிடைமட்டத்தோடு θ கோணத்தில் நிற்கிறது. கோணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு cos, எதிரே இருக்கும் பக்கத்துக்கு sin. ‘செங்குத்தோடு 30 டிகிரி’ என்று கேள்வி வந்தால் செங்குத்துக்குத்தான் cos. மனப்பாடத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்.

சந்தேகமாக இருந்தால் θவை 0 ஆக்கிப் பார். நேர் எதிரே எறிந்த பந்துக்குச் செங்குத்து வேகம் இருக்கக் கூடாது. sin 0° தான் சுழி, ஆகச் செங்குத்துக்கு sin. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் கிராப் தாளில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றை, கோணமானி வைத்து 30 டிகிரியில் வரை. 1 சென்டிமீட்டருக்கு 2 மீ/வி. படுக்கையாக 8.7, நெடுக்காக 5 சென்டிமீட்டர் வரும். 45க்குக் குறைந்த கோணம் என்றால் படுக்கைதான் நீளம். உன் முதல் வரியில் படுக்கை 10, நெடுக்கு 17.32 என்று இருந்ததைப் பார்த்த கணத்திலேயே எனக்குச் சுருக்கென்றது.

அதே மாடி, அதே வேகம், கிடைமட்டத்துக்குக் கீழே 30 டிகிரி என்று மாற்றிப் போட்டுப் பார். 1 வினாடியும் 17.3 மீட்டரும் வர வேண்டும். கோட்டுச் சோதனையில் இந்த முறை கோடே கீழ்நோக்கிப் போகும், அதனால் −10, ஈர்ப்பு −5. வராவிட்டால் தாளை மறுபடி படமெடுத்து அனுப்பு.