தலையாட்டினா சம்மதம்னு அர்த்தமா?

அண்ணா, நான் பாண்டிச்சேரியில ஒரு சின்ன வெப் செய்தி சைட்டுக்கு எழுதுறேன், சொந்த ஊர் கடலூர். ஒன்பது நாள் முன்னாடி பெய்ஞ்ச மழையில எங்க ஊர்ப் பக்கம் வாடகை வீட்டுச் செவுரு விழுந்து ஒருத்தர் இறந்துட்டார். அவர் மனைவிகிட்ட "ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமாக்கா"ன்னு கேட்டேன், தலையாட்டினாங்க. நாப்பது நிமிஷம் பேசினாங்க. நடுவுல "செவுரு வெடிச்சிருக்குன்னு ஓனர்கிட்ட மூணு தடவ சொன்னோம், அவர் காதுலயே போட்டுக்கல"ன்னு சொன்னாங்க. எடிட்டர் அதையே தலைப்பா வெக்கச் சொல்றார். அவங்க மச்சினரும் "தாராளமா போடுங்க"ன்னுட்டார். ஆனா எனக்கு மனசு ஒப்பல. போடலாமா?
— ஒரு வாசகர், கடலூர்

தம்பி,

இப்போதைக்குப் போடாதீங்க. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணின தப்பு ஒண்ணைச் சொல்லிடுறேன், அதைச் சொல்லாம உங்களுக்கு புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்ல.

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சே, அப்போ பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. அங்க ஒரு வீட்ல பலாமரம் விழுந்து வீட்டுக்காரர் போயிட்டார். அந்தம்மாகிட்ட முறையா கேட்டேன், பத்திரிகைக்காரன்னு சொன்னேன், பேர் போடலாமான்னு கேட்டேன், எல்லாத்துக்கும் சரின்னாங்க. பேச்சுவாக்குல "நான்தான் மாட்டை அவுத்துட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன்"னு ஒரு வார்த்தை வந்துச்சு. படிக்கிறவனுக்கு நெஞ்சைப் பிசையும்னு அதை முதல் வரியா வெச்சேன், எனக்கு அன்னைக்கு அதுல ஒரு பெருமை கூட இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போனப்போதான் தெரிஞ்சுது, மாமியார் வீட்ல அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுகிட்டு "இவளே வாயால சொல்லியிருக்கா பாருங்க, இவதான் எம்புள்ளைய அனுப்பி கொன்னா"ன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டியிருக்காங்க. அந்தம்மா அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க.

நான் எங்க தப்பு பண்ணினேன்? சம்மதம் வாங்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவங்க சரின்னு சொன்னது பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. என்ன பேசப் போறோம்னு அந்த நேரத்துல அவங்களுக்கே தெரியாது, துக்கத்துல இருக்கிறவங்க யோசிச்சு வெச்சுகிட்டு பேசுறதில்ல, வாய் தொறந்தா எது வருதோ அது வரும். அப்போ அந்த 'சரி' பேசுறதுக்குக் குடுத்த சரி மட்டும்தான், வந்த வார்த்தையை ஊருக்குக் காட்டறதுக்கு இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு தடவ கேக்கணும், வரி வரியா கேக்கணும். உங்க கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் அதை எப்படிச் செய்யறதுங்கிறதுதான்.

மொதல்ல எப்போ போறது. ஒன்பதாம் நாள்னா இன்னும் காரியம் ஆகல. பதினாறாம் நாள் கருமாதி முடியட்டும், அதுவரைக்கும் அந்த வீட்ல நாலு பேர் வருவாங்க போவாங்க, அவங்களுக்குன்னு யோசிக்க நேரமே இருக்காது. சில வீட்ல அதுக்கு முன்னயே முடிச்சிடுவாங்க, விசாரிச்சுக்கோங்க. எந்த நாள்ல துக்க வீட்டுக்குப் போகலாம் கூடாதுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுக்கோங்க, செவ்வாய் வெள்ளின்னா நிறைய பேர் முகம் சுளிப்பாங்க. இன்னொண்ணு, துக்க வீட்ல "போயிட்டு வரேன்"னு நாம சொல்றதில்ல இல்லையா, அதனாலயே நம்ம ஆளுங்க பாதி பேர் திரும்பி வருவோம்னு சொல்லாமலே எந்திரிச்சு வந்துடறோம். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட போன்ல, "நான் எழுதினதை அக்காகிட்ட படிச்சுக் காட்டாம எதுவும் போட மாட்டேன், எப்ப வரலாம்?"னு இப்பவே சொல்லி வெச்சிடுங்க.

போறப்போ ரெக்கார்டர் பைக்குள்ளயே இருக்கட்டும். முடிஞ்சா உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, ஏன்னா மச்சினர் பக்கத்துல உக்காந்திருந்தா அந்தக்கா வாய் தொறக்க மாட்டாங்க. மச்சினர் சரின்னதை நீங்க ஒரு பாயிண்டா எழுதியிருக்கீங்க, அது அவரோட வார்த்தைக்கு வேணா செல்லும். மீனவ குப்பத்துலயும் இதே கதைதான், ஊர் பஞ்சாயத்தாரைப் பாக்காம உள்ள போகக் கூடாது, அது மரியாதை, ஆனா பஞ்சாயத்தார் விட்டாங்கங்கிறதுக்காக புள்ளைய இழந்த அம்மா சம்மதிச்சதா ஆகாது. அதுக்காக மச்சினரை வெட்டி விட்டுட்டு போகாதீங்க, அப்புறம் அந்தக்காதான் பதில் சொல்லணும். அவர்கிட்டயும் உக்காந்து பேசுங்க, அக்காகிட்ட தனியா ஒரு பத்து நிமிஷம் படிச்சுக் காட்டிக்கிறேன்னு அவர்கிட்டயே கேளுங்க.

அப்புறம், "போடலாமாக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு நிறுத்தாதீங்க. அதுக்கு எப்பவும் "நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துப் போடுங்க தம்பி"ன்னுதான் பதில் வரும். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது சம்மதம் கெடையாது, மரியாதைக்குச் சொல்றது. அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க: "நான் இதை என்ன பண்ணப் போறேன்னு நீங்க சொல்லுங்கக்கா." அப்போதான் உண்மை வெளிய வரும். கலெக்டர் பாப்பார், நிவாரணம் சீக்கிரம் வரும்னு நெனச்சுகிட்டு பேசினவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். அப்படிச் சொன்னா அங்கயே தெளிவா சொல்லிடணும், நான் எழுதறதுக்கும் அந்தக் காசுக்கும் சம்பந்தம் இல்ல, எழுதலைன்னாலும் வரவேண்டியது வரும்னு. அதுக்கப்புறமும் பேசணும்னு நெனச்சா பேசட்டும்.

உங்க கேஸுல இந்த நிவாரணம் இன்னொரு வகையிலயும் முக்கியம். மாநிலப் பேரிடர் நிதி விதிப்படி ஒரு உயிருக்கு 4 லட்சம், ஆனா சாவுக்குக் காரணம் பேரிடர்தான்னு உரிய அதிகாரி சான்று குடுக்கணும். அந்த பைல் இன்னும் விஏஓ, தாசில்தார்னு சுத்திகிட்டுதான் இருக்கும். இந்த நேரத்துல "செவுரு முன்னயே வெடிச்சிருந்துச்சு"ன்னு அவங்க பேரோட தலைப்பு வந்தா, அதைக் காட்டி ஒருத்தர் கேள்வி கேக்கலாம், கேக்காமலும் போகலாம். ஓனர் சும்மா இருப்பாரா? மிச்சம் இருக்கிற ரூமுல அந்தக்கா இன்னும் அங்கயேதான் குடியிருக்காங்களா, அட்வான்ஸ் பணம் அவர்கிட்ட இருக்கா? இதெல்லாம் உங்க லெட்டர்ல இல்ல, ஆனா எடிட்டர் தலைப்பு வெக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அதனால வரி வரியா படிங்க, நிதானமா, அவங்க பேசின பேச்சுலயே. நம்ம எழுத்துநடைக்கு மாத்திப் படிச்சா அது அவங்க வார்த்தைன்னே அவங்களுக்குத் தெரியாது. ஓனர் வரி வந்ததும் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை யார் படிச்சா உங்களுக்கு கஷ்டம்க்கா?" பண்ருட்டியில நான் கேக்காம விட்ட கேள்வி இதுதான், கேட்டிருந்தா "எங்க மாமியார்"னு ஒரு நொடியில சொல்லியிருப்பாங்க. உங்க அக்கா "ஓனர் படிக்கட்டும், அதுக்குத்தான் சொன்னேன்"னும் சொல்லலாம். தாராளமா சொல்லலாம், கோவப்பட அவங்களுக்கு உரிமை இருக்கு, அவங்களைக் காப்பாத்தறேன்னு நாமளே அவங்க வாயை மூடிடக் கூடாது. அப்படிச் சொன்னா ஓனர்கிட்டயும் போய் அவர் தரப்பைக் கேட்டுட்டுத்தான் போடணும், அவர்கிட்ட நீங்க கேக்கப் போறீங்கங்கிறதையும் அந்தக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

பேர் வேண்டாம்னா பேரை மட்டும் எடுத்தா பத்தாது. செவுரு விழுந்து செத்தவர் அந்தத் தெருவுல ஒருத்தர்தான், தெருப் பேரும் புள்ளைங்க எத்தனைங்கிறதும் இருந்தா பேர் எதுக்கு? இது தெருக்காரங்களுக்குத் தெரியாம இருக்காது, வெளியூர்க்காரங்களுக்கு வேணா தெரியாதுன்னு உண்மையைச் சொல்லிடுங்க. அவங்க புள்ளைங்க யாராவது உங்ககிட்ட பேசினாங்களா? பேசியிருந்தா அதைத் தூக்கிடுங்க, அம்மா சரின்னாலும்.

கையெழுத்து வாங்கணுமான்னு கேப்பீங்க. சாவு நடந்த வீட்ல இந்த மாசம் அவங்க போட்ட கையெழுத்துக்கே கணக்கு இருக்காது, போஸ்ட்மார்ட்டம் பேப்பர், ஸ்டேஷன் பேப்பர், வாரிசு சான்றிதழ் மனு. இதுல உங்க பேப்பரையும் படிக்காமத்தான் போடுவாங்க. அதுக்குப் பதிலா படிச்சு முடிச்சதும் ரெக்கார்டரை வெளிய எடுத்து, எதைப் போடலாம் எதைப் போடக் கூடாதுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் போதும். எப்போ வரைக்கும் மாத்தலாம்னும் சொல்லுங்க, "வியாழன் ராத்திரி வரைக்கும் ஒரு போன் பண்ணா எடுத்துடுவேன், அதுக்கப்புறம் சைட்ல மாத்தலாம், ஆனா வாட்ஸ்அப்ல போனது போனதுதான்"னு.

படம் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ஒண்ணு. 2004 சுனாமிக்கு ரெண்டு நாள் கழிச்சு ராய்ட்டர்ஸ் போட்டோகிராபர் ஆர்கோ தத்தா நம்ம கடலூர்ல எடுத்த படம்தான் அந்த வருஷ வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு வாங்குச்சு. மணல்ல குப்புற விழுந்து கதறுற ஒரு அம்மா, பக்கத்துல இறந்த சொந்தக்காரரோட கை மட்டும். இறந்தவர் முகம் அதுல இல்லைங்கிறதை நான் எப்பவும் மதிக்கிறேன். ஆனா அந்த அம்மா முகம்? அது உலகம் முழுக்க போயிடுச்சு, நம்ம ஊர்லயும் எல்லாருக்கும் தெரியும். அந்த நிமிஷத்துல அவங்ககிட்ட யாராலயும் போய் கேட்டிருக்க முடியாதுதான். உங்களுக்கு அப்படி ஒரு அவசரம் இல்ல, உங்களுக்கு நேரம் இருக்கு. அந்தக்கா மொபைல்ல இருந்து வீட்டுக்காரர் படம் ஒண்ணு அவங்களே தேர்ந்தெடுத்துக் குடுத்தா அதைப் போடுங்க, விழுந்த செவுரை நீங்க எடுத்துக்கோங்க.

எடிட்டருக்கு நாளைக்கே வேணும்னா செய்தியைக் குடுங்க: எந்த ஏரியா, எத்தனை மணிக்கு, எவ்வளவு மழை, அதிகாரிங்க என்ன சொன்னாங்க, அந்தப் பக்கம் இன்னும் எத்தனை செவுரு அதே நெலமையில நிக்குது. இதுக்கு அந்தக்கா வார்த்தை ஒண்ணு கூட தேவையில்ல. அவர் ஆடியோவை அனுப்புங்கன்னு கேப்பார், வேற ரிப்போர்ட்டரை அனுப்பறேன், போன் நம்பர் குடுங்கன்னும் கேப்பார். ரெண்டையும் குடுக்காதீங்க.