மாடிப்படி கதவுக்கு செங்கல் முட்டு கொடுக்கலாமா? ஃப்ளாட்வாசிகள் கேட்டதும் என் பதிலும்

டர்பன் பீச் பக்கம் 16 மாடி ஃப்ளாட்ல இருந்து ஒரு அம்மா: எங்க மாடிப்படி கதவு ரொம்ப கனமா இருக்கு, சாமான் தூக்கிட்டு வர்றவங்க செங்கல் வச்சு திறந்தே விட்டுடறாங்க. படில எரியறதுக்கு ஒண்ணுமே இல்லையே, அப்புறம் என்ன ஆபத்து?

படில எரியறதுக்கு ஒண்ணும் இல்லதான்மா, ஆனா ஆளைக் கொல்றது பெரும்பாலும் புகை. 2022 ஜனவரி 9-ம் தேதி நியூயார்க் பிராங்க்ஸ்ல 19 மாடி கட்டடம் ஒண்ணுல கீழ் மாடி வீட்ல ஹீட்டரால தீ பிடிச்சுது. தீ அந்த வீட்டையும் வெளிய இருந்த காரிடாரையும் தாண்டி பெரிசா போகவே இல்ல, ஆனா 17 பேர் செத்துட்டாங்க, அதுல 8 பேர் குழந்தைங்க, எல்லாம் புகையாலதான். அந்த வீட்டுக்காரங்க வெளிய ஓடி வந்தப்ப தானா மூட வேண்டிய கதவு மூடல, 15-வது மாடில படிக்கதவும் திறந்து கிடந்துது. சூடான புகை லேசு, மேல போகத்தான் பார்க்கும், கீழயும் மேலயும் ஒவ்வொரு கதவு திறந்திருந்தா மாடிப்படி புகைக்கூண்டு மாதிரி இழுக்கும். அதனால தீ எங்கயோ கீழ இருக்க, பன்னிரண்டு மாடி மேல இருக்கவங்க மூச்சு முட்டி விழுவாங்க. உங்க செங்கல் திறந்து வச்சிருக்கறதும் அந்த மாதிரி ஒரு கதவைத்தான்.

கனம்தான் தொந்தரவுன்னா அதுக்கு வழி இருக்கு. மேல இருக்கற டோர் க்ளோசர்ல வேகத்துக்கு ஸ்க்ரூ இருக்கும், ஸ்ப்ரிங் பலம் மாத்தற மாடலும் வருது, விஷயம் தெரிஞ்சவரை வச்சு செட் பண்ணுங்க. திறந்தே இருக்கணும்னா ஃபயர் அலாரத்தோட சேர்த்த காந்த ஹோல்டர் போடலாம், அலாரம் அடிச்சா கரண்ட் கட் ஆகி கதவு தானா மூடிக்கும், லோட் ஷெட்டிங்லயும் மூடிக்கிற பக்கம்தான் வேலை செய்யும். முதல்ல அந்தக் கல்லை எடுத்துடுங்க.

அம்ஷ்லாங்கால இருந்து ஒரு தம்பி, பாடி கார்ப்பரேட் ட்ரஸ்டீ: எல்லா கதவுலயும் ஃபயர் ரேட்டிங் ஸ்டிக்கர் இருக்கு, ஓரத்துல பட்டையும் இருக்கு. போதும்ல அண்ணா?

போதாது தம்பி. அந்தப் பட்டை சூடு பட்டா உப்பி இடைவெளிய அடைக்கும், அதுக்கு சுமார் 200 டிகிரி வரணும். தீ ஆரம்பிச்ச முதல் சில நிமிஷம் தூரத்து காரிடாருக்கு வர்ற புகை அவ்ளோ சூடா இருக்காது, பட்டை உப்பாமலே உள்ள போயிடும். அதுக்குத்தான் தனியா பிரஷ் மாதிரியோ ரப்பர் இதழ் மாதிரியோ புகை சீல் வேணும், பெயிண்ட் அடிக்கறவங்க அதுமேலயும் அடிச்சு கெட்டியாக்கிடறாங்க, தொட்டுப் பாருங்க. சுத்தி இடைவெளி 3 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும். தென்னாப்பிரிக்கால ஃபயர் டோருக்கான தரம் எஸ்ஏஎன்எஸ் 1253, ஆனா அந்த டெஸ்ட்ல பாஸ் ஆனது ஃப்ரேம், கீல், லாக் எல்லாம் சேர்ந்த செட்டு, அதுல ஒண்ணை மாத்திட்டா ஸ்டிக்கர் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, பிடியை விட்டுட்டுப் பாருங்க. தாழ்ப்பாள் டக்குனு விழணும். முக்கால்வாசி மூடி நின்னுச்சுன்னா அது தோத்துப்போன கதவு. கடல் காத்து அடிக்கற நாள்ல ஒருதரம் பாருங்க, அப்பதான் நிஜம் தெரியும்.

சாட்ஸ்வொர்த்ல இருந்து: ஃபைபர் கேபிள் போட வந்த பையனுங்க எல்லா மாடியிலயும் ஓட்டை போட்டு மஞ்சள் ஃபோம் அடிச்சிட்டுப் போனாங்க. பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். சுவரும் தளமும் சேர்ந்து கட்டடத்தை பெட்டி பெட்டியா பிரிக்குது, ஒரு பெட்டில வந்த புகை அடுத்ததுக்குப் போகக்கூடாது, அதுல ஓட்டை விழுந்தா நல்ல கதவு போட்டும் வீண். சாதாரண பியூ ஃபோம் எரியும். ஃபயர் ஃபோம்னு விக்கறதும் டெஸ்ட் பண்ண அகலத்துக்கும் ஆழத்துக்கும்தான், கேபிள் கட்டுக்கு டெஸ்ட் பண்ணாததா இருந்தா போடாதீங்க. கேபிளைச் சுத்தி ராக்வூல் அடைச்சு மேல ஃபயர் சீலன்ட் போடறது சரியான வேலை. பிவிசி குழாய்க்கு அது பத்தாது, குழாய் உருகி ஓட்டை முழுசா திறந்துக்கும், அதனால சூட்ல உள்பக்கமா உப்பி குழாயை நசுக்கற காலர் போடணும்.

காரிடார் சீலிங் பலகை ஒண்ணைத் தூக்கி சுவர் மேல வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க. நிறைய இடத்துல சுவர் சீலிங்கோட நின்னுபோயிருக்கும், ஒரு பக்கம் அடிச்ச வெளிச்சம் அடுத்த வீட்டு மேல தெரியும், புகையும் அதே வழிலதான் போகும்.

ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து: எங்க வீட்லயே தீ பிடிச்சா?

எல்லாரும் வெளிய வந்ததும் கதவை இழுத்து மூடிட்டுப் போங்க, பூட்ட வேண்டாம். லிஃப்ட் வேண்டாம். செக்யூரிட்டி கேட்டை உள்ள இருந்து சாவி இல்லாம திறக்க முடியாதுன்னா இந்த வாரமே அதை மாத்துங்க, ஏன்னா புகைல சாவித்துவாரம் கண்ணுக்குத் தெரியாது.