திட்டச் சுருக்கத்தில் கேள்வி முன்னால் வரட்டும்

"போஸ்ட்டாக் உதவித்தொகைக்குத் திட்டச் சுருக்கம் எழுதுகிறேன். படிப்பவர்கள் வேறு துறைக்காரர்கள். எப்படி எளிமையாக்குவது?"

சொற்களை விட வரிசையை முதலில் மாற்றுங்கள். நாம் பின்னணியில் தொடங்கிப் பழகிவிட்டோம். வெளித்துறைக்காரர் தேடுவது, இன்னும் எது தெரியவில்லை என்பதைத்தான்.

"புரோட்டியஸ் மிராபிலிஸின் யூரியேஸ் சார்ந்த படிக உயிர்ப்படல இயக்கவியல்" என்று தொடங்கினால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இதையே இப்படி எழுதலாம்:

"நெடுநாள் பொருத்திய சிறுநீர்க் குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொள்கின்றன. ஒரு பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. சிறுநீர் காரமாகி, உப்புகள் படிகமாகின்றன. அந்தப் படிகம் முதலில் ஒட்டுவது குழாய்ச் சுவரிலா, பாக்டீரியாப் படலத்திலா என்று கண்டறிவேன். சுவர் என்றால் குழாயின் பூச்சை மாற்ற வேண்டும். படலம் என்றால் பாக்டீரியா ஒட்டுவதைத் தடுக்க வேண்டும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் எனக்கு முக்கியம். எந்த விடை வந்தாலும் பயன் உண்டு என்று அவை காட்டுகின்றன. தேர்வுக் குழுக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசுபவர் அதையே எடுத்துச் சொல்வார்.

அடுத்து, ஆய்வுமுறைக்கு இரண்டே வரி: எதை எதோடு ஒப்பிடுவீர்கள், எதை அளப்பீர்கள்.

முடித்ததும் வேறு துறை நண்பரிடம் கொடுங்கள். படித்தபின் தாளை வாங்கிவிட்டு, "நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்?" என்று கேளுங்கள். "ஏதோ பாக்டீரியா பற்றி" என்றால் கேள்வி இன்னும் உள்ளே புதைந்து கிடக்கிறது.