இரண்டு பக்கக் கடிதத்தில் எதை வெட்டுவது?

தம்பி, நீங்கள் அனுப்பிய கவர் லெட்டரை வாசித்தேன். ஒரு இறக்குமதி நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் வேலைக்கு இரண்டு பக்கம் கூடுதல்தான். ஆனால் எழுத்தைச் சின்னதாக்கி ஓரங்களை ஒடுக்காதீர்கள். எழுத்தளவு 11, சுற்றிவர ஒரு அங்குல ஓரம் இருக்கட்டும். அப்படி ஒரே பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் முந்நூறு, முந்நூற்றைம்பது சொற்கள் வசதியாக அடங்கும்.

ஒவ்வொரு பந்தியிலும் இரண்டு வரி குறைத்திருக்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கவலை. அப்படிச் செதுக்கும்போது முதலில் போவது விவரம். "கணக்குச் சரிபார்ப்பில் அனுபவம் உண்டு" என்பது மிஞ்சியிருக்கிறது, நீங்கள் என்ன சரிபார்த்தீர்கள் என்பது போய்விட்டது. வெட்டுவதானால் முழுப் பந்தியாக எடுத்துவிடுங்கள்.

விளம்பரத்தைப் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் கேட்பது மூன்று: வங்கிக் கணக்கிணக்கம், எக்செல், சிங்களத்தில் வாடிக்கையாளரோடு பேசுவது. இந்த மூன்றில் ஒன்றையும் காட்டாத பந்தி போகலாம். பாடசாலையும் உயர்தரப் பெறுபேறுகளும் சீவியில் இருக்கின்றன. நிறுவனத்தைப் புகழும் பந்தி அவர்களுடைய இணையத்தளத்தில் இருப்பதுதான். மாணவர் தலைவராக இருந்ததை எடுக்க மனம் வராது, தெரியும். அதுவும் சீவியில் ஒரு வரியாக இருக்கட்டும். இவ்வளவும் போனாலே முதல் பக்கம் ஏறக்குறைய காலி.

உங்களுடைய பலமான விஷயம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கிடக்கிறது. அங்கே இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பகுதிநேரமாக வேலை செய்தேன். அங்கே பல பொறுப்புகளைக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கணக்கு ஒத்துவராமல் முதலாளி கவலைப்பட்டார். நான் பொறுமையாகப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தேன்." என்ன பிழை என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் சொன்னீர்கள். அதைச் சேர்த்தால் இப்படி வரும்:

"புறக்கோட்டைத் துணிக்கடையில் மூன்று மாத வங்கிக் கூற்றுகளை எக்செல்லில் காசேட்டுடன் ஒப்பிட்டு, இருமுறை பதியப்பட்ட 84,000 ரூபாய்க் காசோலையைக் கண்டுபிடித்தேன். அதன்பின் மாதாந்தக் கணக்கிணக்கம் என் பொறுப்பானது."

நாலு வசனம் இரண்டானது, விளம்பரத்தின் மூன்று தேவைகளில் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. இதை அறிமுக வசனத்துக்கு அடுத்த பந்தியாக வையுங்கள். வாசிப்பவர் அங்கேயே நிறுத்தினாலும் இது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

சிங்களத்துக்கும் அப்படித்தான். "மும்மொழித் தேர்ச்சி" என்பதை எடுத்துவிட்டு, கடன் பாக்கி வைத்த கடைக்காரர்களோடு சிங்களத்தில் பேசிப் பணம் வசூலித்ததை எழுதுங்கள். தொகை சரியாக ஞாபகமில்லாவிட்டால் எழுத வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால் தடுமாறுவீர்கள்.

அப்புறம், வெட்டிய பிரதியை வேலை பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். காசோலைக் கதையும் கடன் வசூலும் அவர் வாயிலிருந்து வந்தால் அனுப்பலாம். "நல்லா வேலை செய்வீங்களாம்" என்று சொன்னால் இன்னும் வெட்ட இருக்கிறது.